சாப்பிட்டதும் மேல் வயிறு எரியுதா? எல்லாமே ‘அல்சர்’ இல்லை... உண்மையான காரணங்கள் என்ன?

மதிய சாப்பாடு முடிந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. நெஞ்சுக்குழிக்குக் கீழே, தொப்புளுக்கு மேலே, நடுவில் ஒரு எரிச்சல் கிளம்பும். சிலருக்கு மிளகாய் அரைத்துப் பூசிய மாதிரி, சிலருக்கு உள்ளே யாரோ பிராண்டுகிற மாதிரி. வீட்டில் இருப்பவர்கள் உடனே சொல்வது இரண்டில் ஒன்றுதான். “கேஸ் பிடிச்சிருக்கு”, அல்லது “உனக்கு அல்சர்”. அடுத்த நிமிஷம் தெருமுனை மருந்துக்கடையில் ஒரு ‘கேஸ் மாத்திரை’ வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். எரிச்சல் குறைந்துவிட்டால் விஷயம் முடிந்தது. ஆனால் அடுத்த வாரம் மறுபடியும் வரும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எரிச்சல் ஒரே இடத்தில், ஒரே மாதிரி வந்தாலும் அதற்குப் பின்னால் இருக்கும் காரணம் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவருக்கு அமிலம் மேலே ஏறுவதால் வரும். இன்னொருவருக்கு மூட்டு வலிக்குப் போட்ட மாத்திரையால் வரும். வேறொருவருக்குச் சின்ன வயதிலேயே வயிற்றுக்குள் குடியேறிய ஒரு கிருமி காரணமாக இருக்கும். பெரும்பாலானவர்களுக்கோ கேமரா விட்டுப் பார்த்தாலும் புண் எதுவுமே தெரியாது. கேஸ் மாத்திரை இவர்கள் எல்லோருக்கும் கொஞ்சம் நிம்மதி தரும். காரணம் தெரியாமலே காலம் ஓடுவதும் அதனால்தான்.

முதலில் ஒரு எச்சரிக்கை: இது இதயமாகவும் இருக்கலாம்

வயிற்றைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும். இதயத்தின் அடிப்பகுதிக்குப் போகும் ரத்தம் தடைபட்டால், வலி நெஞ்சில் தெரியாமல் மேல் வயிற்றில் எரிச்சலாகவோ, அழுத்தமாகவோ தெரியலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள், பெண்கள், வயதானவர்கள் ஆகியோரிடம் இப்படி மாறுவேடத்தில் வருவது அதிகம். “ராத்திரி நல்லாத்தான் சாப்பிட்டார், கேஸ்னு சொல்லி சோடா குடிச்சார்” என்று பிறகு சொல்லி வருந்தும் குடும்பங்கள் நம் ஊரில் நிறையவே உண்டு.

எப்படிப் பிரித்துப் பார்ப்பது? எரிச்சலுடன் சேர்த்து உடம்பெல்லாம் குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குதல், தலைசுற்றல், இடது கை, தாடை அல்லது முதுகுக்குப் பரவும் வலி இருந்தால் வயிறு என்று நினைத்துக் காத்திருக்கக் கூடாது. 108-க்கு அழைத்து, இசிஜி எடுக்கும் வசதி உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். இன்னொரு அடையாளமும் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு நடக்கும்போதோ, மாடிப்படி ஏறும்போதோ எரிச்சல் வந்து, நின்றால் சில நிமிடங்களில் அடங்குகிறதா? அது வயிற்று அமிலத்தின் குணம் இல்லை. இதய ரத்தக் குழாய் சுருங்கியிருப்பதன் குணம்.

“அமில டானிக் குடிச்சதும் சரியாச்சு, அப்போ இதயம் இல்லை” என்று முடிவு கட்டுவதும் தவறு. மாரடைப்பு வலியும் இடையில் தானாகவே கொஞ்சம் குறையும். அந்த நேரத்தில் குடித்த டானிக்குக்குப் பேர் கிடைத்துவிடும்.

சாப்பிட்ட பிறகு ஏன் எரிகிறது?

வயிறு ஒரு நாளைக்குச் சுமார் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை செரிமான நீரைச் சுரக்கிறது. அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். இவ்வளவு கடுமையான அமிலம் வயிற்றையே அரித்துவிடாமல் இருப்பதற்குக் காரணம், உள்சுவரின் மேல் படிந்திருக்கும் வழவழப்பான கோழைப் படலமும், அதோடு சுரக்கும் காரத்தன்மையுள்ள நீரும்தான். அமிலத்துக்கும் இந்தப் படலத்துக்கும் நடுவே ஒரு சமநிலை எப்போதும் இருக்கிறது. எரிச்சல் வருபவர்கள் எல்லோருக்கும் ‘அமிலம் ஓவரா சுரக்குது’ என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. உண்மையில் பலருக்கு அமிலம் இயல்பான அளவில்தான் இருக்கும். படலம் பலவீனமாகி இருக்கும், அல்லது அமிலம் போகக் கூடாத இடத்துக்குப் போயிருக்கும், அல்லது வயிற்றின் நரம்புகள் சாதாரண அமிலத்துக்கே கூச்சல் போடும்.

இந்த மூன்றும் நினைவில் இருந்தால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும்.

மேலே ஏறும் அமிலம்: “எதுக்களிக்குது”

உணவுக் குழாயும் வயிறும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. அது கதவு மாதிரி, உணவு கீழே இறங்கும்போது திறந்து பிறகு மூடிக்கொள்ளும். வயிறு நிரம்பி உப்பும்போது இந்தக் கதவு அவ்வப்போது தானாகத் தளரும். ஏப்பம் வெளியேறுவதே அப்படித்தான். பிரச்னை என்னவென்றால், சாப்பிட்ட பிறகு புதிதாகச் சுரக்கும் அமிலத்தில் ஒரு பகுதி உணவோடு கலக்காமல், அதன் மேலே ஒரு படலமாக, கதவுக்குப் பக்கத்திலேயே மிதக்கும். கதவு தளரும் நேரத்தில் முதலில் மேலே வருவது அதுதான். சாப்பிடாதபோது வராத எரிச்சல் சாப்பிட்டதும் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதை அடையாளம் காண்பது கொஞ்சம் சுலபம். எரிச்சல் மேல் வயிற்றில் தொடங்கி நெஞ்சு நடுவே தொண்டையை நோக்கி ஏறும். புளித்த ஏப்பம் வரும். குனிந்து செருப்பு மாட்டினால், சாப்பிட்ட கையோடு படுத்தால் அதிகமாகும். நம் ஊர் வழக்கில் “நெஞ்சைக் கரிக்குது”, “எதுக்களிக்குது” என்பார்கள். மருத்துவரிடமும் இந்த வார்த்தைகளையே சொல்லலாம். ‘கேஸ்’ என்று மொத்தமாகச் சொல்வதைவிட இது அவருக்கு ரொம்ப உதவும்.

ராத்திரி பத்தரை மணிக்குப் பிரியாணி சாப்பிட்டு பதினொன்றுக்குப் படுப்பவருக்கு எந்த மாத்திரையும் முழுதாக வேலை செய்யாது. கடைசிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே இரண்டிலிருந்து மூன்று மணி நேரம் வேண்டும். ராத்திரி தொல்லை அதிகம் என்றால் கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே கட்டையோ செங்கல்லோ வைத்து 15 முதல் 20 செ.மீ. உயர்த்தலாம். இரண்டு தலையணை வைத்துக்கொள்வது அதற்குச் சமம் இல்லை. அதில் கழுத்து மட்டும்தான் மடங்கும், வயிறு அழுந்தும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பதும் உதவும். காரணம், வயிறு அமைந்திருக்கும் விதத்தில் அப்போது அமிலம் கதவுக்குக் கீழே தேங்கும்.

யாரும் சந்தேகப்படாத ஆள்: வலி மாத்திரை

மூட்டு வலி, முதுகு வலி, தலைவலி, பல் வலி, மாதவிடாய் வலி எதுவானாலும் மருந்துக்கடையில் சீட்டே இல்லாமல் கிடைப்பவை டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள். இவை உடம்பில் ‘புரோஸ்டாகிளாண்டின்’ என்ற பொருள் உருவாவதைத் தடுத்து வலியைக் குறைக்கின்றன. சிக்கல் என்னவென்றால், வயிற்றின் கோழைப் படலத்தைப் பராமரிப்பதும் அதே குடும்பத்துப் பொருள்தான். வலியை நிறுத்தும்போது படலத்துக்கான பராமரிப்பும் நின்றுபோகிறது. அமிலம் நேரடியாகச் சுவரைத் தொடுகிறது. முதலில் எரிச்சல், பிறகு சிராய்ப்பு, பிறகு புண்.

“நான் சாப்பிட்ட பிறகுதான் போடுறேன், அதனால ஒண்ணும் ஆகாது” என்று பலரும் நம்புகிறார்கள். பாதிப்பு மாத்திரை வயிற்றைத் தொடுவதால் மட்டும் வருவதில்லை. ரத்தத்தில் கலந்த பிறகும் அது வேலை செய்கிறது. ஆகவே ஊசியாகப் போட்டுக்கொண்டாலும் வயிறு முழுவதுமாகத் தப்பிப்பதில்லை. இதய நோயாளிகள் தினமும் எடுக்கும் 75 மி.கி. ஆஸ்பிரினுக்கும் இது பொருந்தும். ஆனால் அதை மட்டும் யாரும் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அப்படி நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகும். மருத்துவர் அதோடு வயிற்றைப் பாதுகாக்கும் மாத்திரையைச் சேர்த்துத் தருவார்.

இந்த மாத்திரைப் புண்ணில் ஒரு வஞ்சகம் உண்டு. வலியைக் குறைக்கும் மருந்தே புண்ணையும் ஏற்படுத்துவதால், புண்ணின் வலியையும் அது ஓரளவு மறைத்துவிடும். வயதானவர்கள் சிலருக்கு எரிச்சலே பெரிதாக இல்லாமல், நேரடியாக ரத்தக் கசிவில்தான் விஷயம் வெளியே தெரியும்.

காய்ச்சலுக்குப் போடும் சாதாரண பாராசிட்டமால் இந்த வகையைச் சேர்ந்தது இல்லை. ஆனால் கடையில் கிடைக்கும் பல வலி மாத்திரைகளில் பாராசிட்டமாலோடு அசெக்ளோஃபினாக்கும் சேர்ந்திருக்கும். அட்டையின் பின்பக்கம் உள்ள சின்ன எழுத்தைப் படித்தால்தான் தெரியும்.

வயிற்றுக்குள் வாழும் கிருமி

1980-கள் வரை அல்சருக்குக் காரணம் டென்ஷனும் காரமும்தான் என்று மருத்துவ உலகமே சொல்லிக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வேலை பார்த்த ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற இரண்டு மருத்துவர்கள், வயிற்று அமிலத்துக்குள்ளேயே உயிரோடு இருக்கும் சுருள் வடிவக் கிருமி ஒன்றைக் காட்டினார்கள். யாரும் சுலபத்தில் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியை வளர்த்த திரவத்தைத் தானே குடித்தார். சில நாட்களில் வாந்தியும் வயிற்று அழற்சியும் வந்தன. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கிருமியின் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி, சுருக்கமாக எச்.பைலோரி.

இந்தியாவில் பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களின் வயிற்றில் இது இருக்கிறது. பெரும்பாலும் சின்ன வயதிலேயே, வீட்டில் இருப்பவர்களிடமிருந்தும் சுத்தமில்லாத தண்ணீர், உணவு வழியாகவும் தொற்றுகிறது. இருக்கும் எல்லோருக்கும் புண் வராது. பெரும்பாலானவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. ஆனால் இந்தக் கிருமியும் இருந்து, வலி மாத்திரையும் சேர்ந்தால், புண் வரும் வாய்ப்பு தனித்தனியாக இருப்பதைவிட நன்றாகவே கூடிவிடுகிறது. பல வருடங்கள் தொடர்ந்து இருந்தால் சிலருக்கு வயிற்றுப் புற்றுநோய்க்கும் இது வழி செய்யும்.

புண் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து வலி வரும் நேரமும் மாறும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. இரைப்பையில் புண் இருந்தால் சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே வலிக்கும், அதனால் சாப்பிடவே பயமாக இருக்கும். அதற்கு அடுத்த முன்சிறுகுடலில் இருந்தால் சாப்பிட்டதும் நிம்மதியாகி, இரண்டு மூன்று மணி நேரம் கழித்தோ, நடுராத்திரியிலோ வலி எழுப்பிவிடும். இது ஒரு குறிப்புதான். இதை மட்டும் வைத்து யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஒரு உதாரணம்: திருப்பூர் தையல் தொழிலாளி

இது எப்படி ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்ளும் என்பதைப் புரிந்துகொள்ள, வழக்கமாக நடப்பவற்றைச் சேர்த்து அமைத்த ஒரு கற்பனை உதாரணத்தைப் பார்ப்போம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் மெஷினில் உட்காரும் 44 வயதுப் பெண். இடுப்பு வலிக்காக ஆறு மாதமாக, வாரத்தில் நான்கைந்து நாள், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை போடுகிறார். நான்கு மாதமாக மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேல் வயிறு எரிகிறது. எரியும்போது ஒரு கேஸ் மாத்திரை. கொஞ்ச நாளாக மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. “வேலை அதிகம், அதான்” என்று விட்டுவிட்டார்.

மருத்துவர் கேட்ட முதல் கேள்வி வயிற்றைப் பற்றி இல்லை. “வேற என்னென்ன மாத்திரை போடுறீங்கம்மா?” அடுத்தது, “மலம் எந்த நிறத்துல போகுது?” இடையில் சில நாள் கறுப்பாகப் போனது அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஏதோ சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருந்தார். மூச்சு வாங்குவதால் இசிஜி எடுத்தார்கள், அது சரியாக இருந்தது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.4. பெண்களுக்கு 12-க்கு மேல் இருக்க வேண்டும். புண் வழியாக ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்திருக்கிறது. மூச்சு வாங்கியதற்குக் காரணம் அதுதான்.

எண்டோஸ்கோப்பி செய்தார்கள். ஆறேழு மணி நேரம் வெறும் வயிறு, தொண்டை மரத்துப்போக ஒரு ஸ்ப்ரே, பிறகு விரல் தடிமனுள்ள குழாயை விட்டுப் பார்க்கும் பத்து நிமிட வேலை. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் ஒரு புண் இருந்தது. ஓரங்களில் சிறு துணுக்குகள் எடுத்து, புற்றுநோய் இல்லை என்பதை உறுதி செய்தார்கள். அதே துணுக்கில் கிருமிக்கான உடனடிப் பரிசோதனையும் செய்தார்கள். முடிவு: கிருமி இல்லை.

இங்கேதான் பலரும் ஏமாறும் இடம். கேஸ் மாத்திரைகளில் பான்டபிரசோல், ஒமிபிரசோல், ரேபிபிரசோல் வகையைத் தொடர்ந்து எடுப்பவருக்கு, வயிற்றில் கிருமியின் எண்ணிக்கை தற்காலிகமாகக் குறைந்துவிடும். பரிசோதனை ‘இல்லை’ என்று பொய்யாகக் காட்டும். புண்ணிலிருந்து ரத்தம் கசியும்போதும் இந்தத் தவறு நடக்கலாம். ஆகவே அந்த மருத்துவர் ரிப்போர்ட்டை அப்படியே ஏற்கவில்லை. வலி மாத்திரையை நிறுத்தச் சொன்னார். புண் ஆற எட்டு வாரம் பான்டபிரசோல், ரத்தம் ஊற இரும்புச்சத்து மாத்திரை, இடுப்பு வலிக்குப் பாராசிட்டமாலும் உடற்பயிற்சியும்.

நடுவில் ஒரு பதற்றம். மலம் மறுபடி கறுப்பாகப் போனதும் அந்தப் பெண் பயந்துபோய் மருத்துவமனைக்கு ஓடி வந்தார். அது இரும்புச்சத்து மாத்திரையால் வந்த நிறம். ரத்தம் கலந்த மலம் தார் மாதிரி பிசுபிசுவென்று ஒட்டும், பளபளக்கும், நாற்றம் வழக்கத்துக்கு மாறாகக் கடுமையாக இருக்கும். இரும்புச்சத்து மாத்திரையால் வருவது கரும்பச்சையாக, ஒட்டாமல் இருக்கும். சந்தேகம் இருந்தால் ஓடி வந்து காட்டுவதுதான் சரி. அவர் செய்ததில் தவறே இல்லை.

எட்டு வாரம் கழித்து மறுபடி எண்டோஸ்கோப்பி. இரைப்பைப் புண் என்றால் ஆறிவிட்டதா என்று பார்ப்பது அவசியம். ஆறாத புண்ணுக்குள் புற்றுநோய் ஒளிந்திருக்கலாம் என்பதால்தான் இந்தக் கவனம். புண் ஆறியிருந்தது. பிறகு பான்டபிரசோலை இரண்டு வாரம் முழுதாக நிறுத்திவிட்டு, மூச்சுக்காற்றுப் பரிசோதனை செய்தார்கள். ஒரு திரவத்தைக் குடித்துவிட்டு ஒரு பைக்குள் ஊத வேண்டும், அவ்வளவுதான். இந்த முறை கிருமி இருப்பது தெரிந்தது. இரண்டு ஆன்டிபயாடிக்கும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் பிஸ்மத்தும் சேர்ந்த 14 நாள் கோர்ஸ். முடிந்து நான்கு வாரம் இடைவெளி விட்டு மறுபடி ஊதிப் பார்த்தார்கள். கிருமி போயிருந்தது.

இந்த 14 நாள் கோர்ஸை ஐந்தாவது நாள் “வாய் கசக்குது, குமட்டுது” என்று நிறுத்துபவர்கள் நிறைய. பாதியில் நிறுத்தினால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். இந்தியாவில் மெட்ரோனிடசோல், கிளாரித்ரோமைசின் போன்ற மருந்துகளுக்கு ஏற்கெனவே கிருமி அடங்க மறுப்பது பரவலாகிவிட்டது. அடுத்த தடவைக்குக் கையில் இருக்கும் மருந்துகள் குறைவு.

“ஸ்கோப்பில் ஒண்ணும் இல்லை”: அப்புறம் ஏன் எரியுது?

திருப்பூர் உதாரணத்தில் புண் இருந்தது. ஆனால் சாப்பிட்ட பின் எரிச்சல் என்று வந்து எண்டோஸ்கோப்பி செய்துகொள்பவர்களில் பத்துக்கு ஏழெட்டு பேருக்கு எல்லாம் நார்மல் என்றுதான் ரிப்போர்ட் வரும். இதற்கு மருத்துவத்தில் ‘ஃபங்ஷனல் டிஸ்பெப்சியா’ என்று பெயர். உறுப்பில் பழுது இல்லை, அது இயங்கும் விதத்தில் கோளாறு என்று புரிந்துகொள்ளலாம்.

நாம் சாப்பிடும்போது இரைப்பையின் மேல்பகுதி பலூன் மாதிரி தளர்ந்து உணவுக்கு இடம் கொடுக்கும். இவர்களில் பலருக்கு அந்தத் தளர்வு சரியாக நடப்பதில்லை. நான்கு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிரம்பி இழுத்துப் பிடிக்கிறது. இன்னும் சிலருக்கு வயிற்று நரம்புகளின் உணர்ச்சி கூடியிருக்கிறது. மற்றவர்களுக்குத் தெரியாத அளவு அமிலமும் காரமும் இவர்களுக்கு எரிகிறது. கடுமையான வாந்தி, பேதி வந்து குணமான பிறகு இப்படி ஆரம்பிப்பதும் உண்டு. மனக்கவலையும் தூக்கமின்மையும் இதைக் கூட்டும்.

“ரிப்போர்ட் நார்மல், அப்போ நடிக்கிறா” என்று வீட்டில் பேசுவதுதான் இதில் கொடுமை. வலி நிஜம். கேமராவுக்குச் சுவர்தான் தெரியும், நரம்பு தெரியாது.

இவர்களுக்கு மருத்துவர்கள் முதலில் எச்.பைலோரி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதை ஒழிப்பார்கள். சிலருக்கு அதிலேயே சரியாகிவிடும். அடுத்து நான்கு முதல் எட்டு வாரம் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை. அதற்கும் அடங்காதவர்களுக்கு அமிட்ரிப்டிலின் போன்ற மருந்தை மிகக் குறைந்த அளவில் ராத்திரி எடுக்கச் சொல்வார்கள். அதைக் கூகுளில் தேடிப் பார்த்துவிட்டு, “எனக்கு மனநோய்னு நினைச்சுட்டாரா டாக்டர்?” என்று கோபப்பட்டு நிறுத்திவிடுகிறார்கள். மனச்சோர்வுக்குத் தருவதைவிடக் குறைந்த அளவில், வயிற்று நரம்பின் கூச்சலை அடக்குவதற்காகத்தான் அது தரப்படுகிறது.

பித்தப்பைக் கல் எப்படி வேறு?

எண்ணெய்ப் பதார்த்தம் சாப்பிட்ட பிறகு மேல் வயிற்றிலோ வலது விலாவுக்குக் கீழேயோ வந்து, முதுகுக்கோ வலது தோள்பட்டைக்கோ பாயும் வலி பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். அது எரிச்சலாக இருப்பது குறைவு. அரை மணி முதல் சில மணி நேரம்வரை ஒரே பிடியாகப் பிடித்துவிட்டு விடும். கேஸ் மாத்திரைக்குக் கட்டுப்படாது. வயிற்று ஸ்கேனில் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

காரம், பட்டினி, பால்... எது உண்மை?

காரம் புண்ணை உண்டாக்காது. ஏற்கெனவே நரம்பு கூர்மையாக இருப்பவர்களுக்கும் அமிலம் மேலே ஏறுபவர்களுக்கும் எரிச்சலைக் கிளறும், அவ்வளவுதான். “நேரத்துக்குச் சாப்பிடலைன்னா அல்சர் வந்துரும்” என்பது நம் அம்மாக்களின் நிரந்தர எச்சரிக்கை. சாப்பிடாமல் இருப்பதால் மட்டும் புண் வருவதில்லை. ஆனால் நாள் முழுக்கப் பட்டினி கிடந்துவிட்டு ஒரே வேளையில் மொத்தமாகச் சாப்பிட்டால் வயிறு உப்பி, மேலே சொன்ன கதவு தளரும். அந்த வகையில் அம்மா சொல்வதில் பாதி சரி. சிகரெட்டும் மதுவும் தனி ரகம். சிகரெட் புண் ஆறுவதையே தாமதப்படுத்தும்.

எரியும்போது குளிர்ந்த பால் குடித்தால் உடனே இதமாக இருக்கும். ஆனால் பாலில் உள்ள புரதமும் கால்சியமும் கொஞ்ச நேரத்தில் அமிலச் சுரப்பைத் தூண்டும். மருந்தாக நினைத்து அடிக்கடி குடிக்க வேண்டியதில்லை. சோடா வயிற்றை இன்னும் உப்ப வைக்கும். ஏப்பம் வரும்போது கிடைக்கும் நிம்மதியோடு அமிலமும் சேர்ந்து மேலே வரலாம்.

எப்போது தள்ளிப்போடவே கூடாது?

ரத்த வாந்தி, காபித்தூள் மாதிரி வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம் என்றால் அன்றைக்கே மருத்துவமனை. திடீரென்று கத்தியால் குத்திய மாதிரி வலி வந்து வயிறு பலகை மாதிரி இறுகினால் புண் ஓட்டையாகியிருக்கலாம், அது அவசர அறுவை சிகிச்சைக்கான நிலை. காரணம் இல்லாமல் எடை குறைவது, விழுங்கும்போது சிக்குவது, தொடர் வாந்தி, ரத்தசோகை, குடும்பத்தில் வயிற்றுப் புற்றுநோய் இருந்தது ஆகியவை எண்டோஸ்கோப்பியைச் சீக்கிரம் செய்யச் சொல்லும் அறிகுறிகள். வயதும் கணக்கில் வரும். அமெரிக்க வழிகாட்டுதல், இந்தத் தொல்லை வரும் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு நேராக எண்டோஸ்கோப்பி என்கிறது. நம் ஊரில் பல மருத்துவர்கள் அதற்கு முன்பே, 45 வயதைத் தாண்டினாலே பார்த்துவிடுகிறார்கள்.

கேஸ் மாத்திரையை எப்போது போட வேண்டும்?

பான்டபிரசோல் வகை மாத்திரைகளை எரியும்போது போடுவதுதான் பெரும்பாலானோரின் வழக்கம். அது கிட்டத்தட்ட வீண். இந்த மருந்து, வயிற்றுச் சுவரில் அமிலத்தை வெளியே தள்ளும் சின்னஞ்சிறு ‘பம்ப்’களை அடைக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் பம்பைத்தான் அதனால் அடைக்க முடியும். பம்புகள் ஓடத் தொடங்குவது சாப்பிடும்போது. மருந்தோ ரத்தத்தில் ஒன்றிரண்டு மணி நேரம்தான் தங்கும். ஆகவே காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட்டால் மருந்தும் பம்பும் ஒரே நேரத்தில் சந்திக்கும். முழுப் பலன் தெரிய மூன்று நான்கு நாள் ஆகும். உடனடி நிம்மதிக்கு அமிலத்தை முறிக்கும் டானிக் போதும், அது சில நிமிடங்களில் வேலை செய்யும், ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

இரண்டு வாரம் போட்டும் எரிச்சல் திரும்பத் திரும்ப வந்தால் அடுத்த அட்டையை வாங்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் போட்டவர்கள் திடீரென்று நிறுத்தும்போது, அடைபட்டிருந்த பம்புகள் எல்லாம் சேர்ந்து சில வாரங்களுக்கு வழக்கத்தைவிட அதிக அமிலத்தைத் தள்ளும். “மாத்திரையை விட்டா எரியுது, எனக்கு வாழ்க்கை முழுக்க வேணும்போல” என்று அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு மறுபடி தொடங்குபவர்கள் ஏராளம். மருத்துவர் சொல்லும்படி அளவைக் குறைத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாளாக்கி, நடுவில் எரிந்தால் டானிக் மட்டும் குடித்துச் சமாளித்தால் பலருக்கும் சில வாரங்களில் அந்த எரிச்சல் அடங்கிவிடும். ஆனால் ரத்தக் கசிவு வந்த வரலாறு உள்ளவர்களும், ஆஸ்பிரின் எடுக்கும் இதய நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் இப்படி நிறுத்திப் பார்க்கக் கூடாது.